பில் போடாத சின்ன மளிகைக் கடைக்கு ஒரே தாளில் கணக்கு: வியாபாரம் நடக்கிறது, காசு நிற்கவில்லை

புதுக்கடை_திண்டுக்கல்
எல்லோருக்கும் வணக்கம். திண்டுக்கல் பக்கம் ஊருக்கு வெளியே புது நகரில் சித்திரையில் சின்ன மளிகைக் கடை திறந்தேன். நாளுக்கு எட்டாயிரம், ஒன்பதாயிரம் வியாபாரம் ஆகிறது. காலையிலும் இரவிலும் நான், மதியம் என் மனைவி. பில் மெஷின் கிடையாது. ஒரு நீள நோட்டில் அன்றன்றைக்குத் தோன்றியதை எழுதுகிறேன்: சரக்கு வாங்கியது, வாடகை, யாருக்குக் கொடுத்தது எல்லாம். ஆனால் மாதக் கடைசியில் மண்டிக்குக் கொடுக்கப் பணம் இல்லை. லாபம் வருகிறதா, கையை விட்டுப் போகிறதா என்றே தெரியவில்லை.

கேட்க நினைப்பது இரண்டு. ஒரே நோட்டு அல்லது போனில் ஒரே ஷீட் வைத்து இதைச் சமாளிக்க முடியுமா? பில்லே போடாதபோது தினசரி விற்பனை எவ்வளவு என்று எப்படி எழுதுவது?

ஜெட்வேகம்
நண்பரே, நல்ல பில்லிங் சாஃப்ட்வேர் வாங்கிவிடுங்கள், பார்கோடு ஸ்கேனரோடு. ஜிஎஸ்டி ரிட்டர்னும் அதிலேயே போட்டுவிடலாம். எங்கள் ஹார்டுவேர் கடையில் அப்படித்தான், ஸ்டாக் தானாகவே குறையும்.

புதுக்கடை_திண்டுக்கல்
அண்ணா, என் கடையில் பாதிச் சரக்கு சில்லறை. கால் கிலோ துவரம் பருப்பு, அஞ்சு ரூபாய்க்குக் கறிவேப்பிலை, ரெண்டு முட்டை. எதை ஸ்கேன் செய்வது? ஜிஎஸ்டி பதிவும் இல்லை. வருஷத்துக்கு 30 லட்சம் வந்தால் பெரிசு.

வெள்ளைநோட்டு
தம்பி, இவ்வளவு யோசிக்கத் தேவையில்லை. மாதம் முழுக்க விற்றதைக் கூட்டு, சரக்கு வாங்கியதைக் கழி, வாடகை, கரண்ட் பில்லைக் கழி. மிச்சம் இருப்பது லாபம். எங்க அப்பா காலத்திலிருந்து அப்படித்தான் பார்க்கிறோம்.

மண்டித்தெரு_கணக்கர்
வெள்ளைநோட்டு ஐயா சொல்வது, மாத முதல் நாளும் கடைசி நாளும் அலமாரியில் ஒரே மதிப்புக்குச் சரக்கு இருந்தால் சரியாக வரும். பல வருஷம் ஒரே மாதிரி ஓடும் கடையில் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும். புதுக்கடையில் இருக்காது, மாதா மாதம் அலமாரி நிறைந்துகொண்டே போகும். அதைப் பிறகு எண்களோடு காட்டுகிறேன்.

முதலில் தம்பியின் இரண்டாவது கேள்வி. பில் போடாத கடையில் விற்பனையை நேராக எழுத முடியாது. இரவில் கல்லாவை எண்ணிப் பின்னோக்கிப் போய்த்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு நாளை வைத்துப் பார்ப்போம்.

காலையில் கல்லாவில் சில்லறைக்கு 2,000 வைத்தீர்கள். இரவு எண்ணினால் 5,340 இருக்கிறது. நடுவில் கல்லாவிலிருந்து எடுத்துக் கொடுத்தவை: பால்காரருக்கு 1,860, வாழைப்பழம் 450, சுமைக்கூலி 120, டீ 40, வீட்டுக்கு 500. மொத்தம் 2,970. பழைய கடன்காரர் ஒருவர் 700 கொண்டுவந்து கொடுத்தார், அது இன்றைய விற்பனை அல்ல.

இரவு இருப்பு 5,340, அதோடு வெளியே போன 2,970 சேர்த்தால் 8,310. அதில் காலை வைத்த 2,000 போக, வசூலான 700 போக, 5,610. அதுதான் இன்றைய ரொக்க விற்பனை.

அப்புறம் போனில் வந்தது. ஆப்பில் அன்றைய மொத்தம் 3,180 காட்டுகிறது என்று வையுங்கள். அதில் 400 உங்கள் தம்பி திருப்பி அனுப்பிய கைமாத்து. அதைக் கழித்தால் 2,780. இன்று கடனுக்குக் கொடுத்த சரக்கு 640. மூன்றையும் சேர்த்தால் 9,030. இந்த நாளின் விற்பனை அவ்வளவு.

இதில் கவனிக்க வேண்டியது, வெளியே போன 2,970-ல் ஏதாவது ஒன்றை எழுத மறந்தால் கணக்கு எந்தச் சத்தமும் போடாது. விற்பனைதான் அந்த அளவுக்குக் குறைந்து தெரியும். வீட்டுக்கு எடுத்த 500-ஐ எழுதவில்லை என்றால் 8,530 விற்றதாக நம்பிவிடுவீர்கள். ஆகவே இந்த முறையில் எழுத வேண்டிய முக்கியமான பட்டியல் கல்லாவை விட்டு வெளியே போவதுதான். கல்லாப் பெட்டி மேலேயே ஒரு சிட்டையும் பேனாவும் கட்டித் தொங்கவிடுங்கள். பணம் எடுக்கும் கையே எழுத வேண்டும், இரவில் நினைவிலிருந்து எழுதக்கூடாது.

ஸ்டேஷனரி_அக்கா
கணக்கர் சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. நான் மதுரையில் ஸ்டேஷனரியும் ஃபேன்ஸியும் வைத்திருக்கிறேன். நோட்டுதான், ஷீட் கிடையாது. கடையில் வேலை செய்யும் பெண்ணுக்கு நான் சொல்லியிருப்பது ஒன்றே: கல்லாவிலிருந்து பத்து ரூபாய் போனாலும் சிட்டை. எனக்குச் சந்தேகம் வேறு. போனில் வருவதைத் தனி நோட்டில் எழுத வேண்டுமா, இதிலேயேவா? ரெண்டையும் ஒரே பக்கத்தில் எழுதினால் இருப்பு குழம்பிப் போகிறது.

மண்டித்தெரு_கணக்கர்
ஒரே தாள் போதும் அக்கா. ஒவ்வொரு வரியிலும் பணம் எங்கே இருக்கிறது என்று ஒரு கட்டம் சேர்த்துவிட்டால் குழப்பம் வராது. நான் சின்னக் கடைகளுக்குப் போட்டுக் கொடுக்கும் ஷீட்டில் ஆறே கட்டங்கள். A தேதி, B விவரம், C வகை, D எங்கே, E வரவு, F செலவு.

"எங்கே" என்பதில் கல்லா, வங்கி, கடன், சப்ளையர் என்று நான்கு. கடன் என்றால் வாடிக்கையாளர் நமக்குத் தர வேண்டியது. சப்ளையர் என்றால் நாம் மண்டிக்கும் லைன் வண்டிக்கும் தர வேண்டியது. "வகை" என்பதில் விற்பனை, சரக்கு, செலவு, வீடு, முதல், மாற்றம் என்று ஆறு. மேலே சொன்ன நாளின் சில வரிகளும், மண்டிச் சரக்குக்கு மூன்று வரிகளும் இப்படி இருக்கும்:

```
விவரம்            வகை      எங்கே     வரவு    செலவு
ரொக்க விற்பனை    விற்பனை  கல்லா     5610
போனில் விற்பனை   விற்பனை  வங்கி     2780
கடனுக்குக் கொடுத்தது விற்பனை  கடன்      640
பழைய கடன் வசூல்  மாற்றம்   கடன்              700
பழைய கடன் வசூல்  மாற்றம்   கல்லா     700
பால்             சரக்கு    கல்லா             1860
மண்டி அரிசி, கடன் சரக்கு    சப்ளையர்          12000
மண்டிக்கு அனுப்பியது மாற்றம்   வங்கி             5000
மண்டிக்கு அனுப்பியது மாற்றம்   சப்ளையர்  5000
```

கடன் வசூலையும் மண்டிக்குக் கொடுத்ததையும் இரண்டிரண்டு வரியாக எழுதியிருப்பதைப் பாருங்கள். பணம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போகிறது, அவ்வளவே. விற்பனையும் இல்லை, சரக்கும் இல்லை. கல்லாவிலிருந்து வங்கியில் கட்டினாலும் இதே மாதிரிதான். மாற்றம் வகையில் வரவும் செலவும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும். இல்லை என்றால் ஒரு வரியை விட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கல்லாவில் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு F-க்கு வலப்பக்கம் ஒரு காலிக் கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=SUMIFS(E:E,D:D,"கல்லா")-SUMIFS(F:F,D:D,"கல்லா")
```

இதிலேயே கல்லா என்ற இடத்தில் வங்கி, கடன், சப்ளையர் என்று மாற்றினால் நான்கு இருப்பும் வந்துவிடும். சப்ளையருக்குக் கழித்தல் குறியோடு வரும், நாம் தர வேண்டியது அது. தொடங்கும் நாளில் நான்கிலும் ஏற்கெனவே இருப்பதை முதல் என்ற வகையில் எழுதிவிடுங்கள். மண்டிக்கு ஏற்கெனவே பாக்கி இருந்தால் அது செலவுக் கட்டத்தில்.

நோட்டில் எழுதுவோர் இதே நான்கு இடத்துக்கும் வரவு செலவு என்று எட்டுக் கட்டம் கோடு போட்டுக்கொண்டால் போதும், வேலை ஒன்றே.

கோவை_பேக்கரி
இதைச் செய்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். C, D இரண்டு கட்டத்துக்கும் கட்டாயம் டிராப்டவுன் போட்டுவிடுங்கள். கையால் தட்டினால் ஒரு நாள் "கல்லா", இன்னொரு நாள் கடைசியில் ஒரு ஸ்பேஸ் விழுந்த "கல்லா " என்று வரும். கண்ணுக்கு ரெண்டும் ஒன்று, SUMIFS ரெண்டாவதைச் சேர்க்காது. எங்கள் பேக்கரியில் இருப்பு ரெண்டாயிரம் இடித்தது, கடைசியில் பார்த்தால் அதுதான் காரணம்.

தேதியும் அப்படித்தான். கம்ப்யூட்டரில் கூகுள் ஷீட்டைத் திறந்து File, Settings, Locale போய் India என்று வைத்துவிடுங்கள். இல்லையென்றால் 05/06 என்று போட்டது மே 6 ஆகிவிடும். மாத வாரியாகக் கூட்டும்போது வேறு மாதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

புதுக்கடை_திண்டுக்கல்
கணக்கர் சார், மிக்க நன்றி. ஷீட் போட்டு மூன்று வாரமாக எழுதுகிறேன், போன மாதத்தையும் நோட்டைப் பார்த்து ஏற்றிவிட்டேன். மாதத் தொடக்கத்தில் சரக்கு எண்ணி எழுதியிருந்தேன், கடைசி நாளும் எண்ணினேன். ஆனால் இப்போது இன்னும் குழப்பம். வெள்ளைநோட்டு ஐயா சொன்னபடி போட்டால் நஷ்டம் வருகிறது! விற்பனை 2,46,000. வாங்கிய சரக்கு 2,38,000. வாடகை 6,000, கரண்ட் 2,400, கூலி, கவர், மற்றது 2,600. கழித்தால் 3,000 ரூபாய் நஷ்டம். இதில் வீட்டுக்கு எடுத்த 18,000-ஐ இன்னும் கழிக்கவே இல்லை.

வெள்ளைநோட்டு
அப்போ விலையைக் குறைத்து விற்கிறாய் தம்பி. வேறென்ன?

மண்டித்தெரு_கணக்கர்
அவசரப்படாதீர்கள் ஐயா. தம்பி, எண்ணிய சரக்கு எவ்வளவு? எம்ஆர்பியில் போட்டீர்களா, வாங்கிய விலையிலா? வாங்கிய விலையில்தான் போட வேண்டும். அப்புறம், மாதம் தொடங்கும்போதும் முடியும்போதும் கடன் இருப்பு, மண்டிப் பாக்கி ரெண்டும் சொல்லுங்கள்.

புதுக்கடை_திண்டுக்கல்
வாங்கிய விலைதான் சார். தொடக்கத்தில் சரக்கு 1,60,000, கடைசியில் 1,84,000. வாடிக்கையாளர் கடன் மாதத்தில் 9,500 கூடியிருக்கிறது. மண்டிப் பாக்கி 15,000 கூடியிருக்கிறது.

மண்டித்தெரு_கணக்கர்
எல்லாமே இதில் இருக்கிறது.

தொடக்கத்தில் இருந்த 1,60,000-க்கு மேல் 2,38,000-க்கு வாங்கினீர்கள். கடையில் வந்துபோன சரக்கு மொத்தம் 3,98,000. அதில் 1,84,000 இன்னும் அலமாரியிலேயே இருக்கிறது. ஆக, விற்றுப்போன சரக்கின் அடக்கம் 2,14,000. அதை 2,46,000-க்கு விற்றிருக்கிறீர்கள். வித்தியாசம் 32,000, விற்பனையில் 13 சதவீதம். அதிலிருந்து வாடகை முதலிய 11,000 போனால் 21,000 லாபம். நஷ்டம் இல்லை.

சரி, அந்த 21,000 எங்கே? அலமாரியில் 24,000-க்குச் சரக்கு ஏறியிருக்கிறது. தெருவில் 9,500 கடனாக நிற்கிறது. வீட்டுக்கு 18,000 போயிற்று. மூன்றும் சேர்ந்து 51,500. இதற்கு வந்த பணம், லாபம் 21,000, மண்டிக்காரர் பொறுத்துக்கொண்ட 15,000, ஆக 36,000. பற்றாத 15,500 உங்கள் கல்லாவிலிருந்தும் வங்கியிலிருந்தும் போயிருக்க வேண்டும். ஷீட்டில் கல்லா, வங்கி இருப்பு ரெண்டையும் கூட்டி, மாதத் தொடக்கத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள்.

புதுக்கடை_திண்டுக்கல்
சார், 15,500 குறைந்திருக்கிறது. அதே எண்.

மண்டித்தெரு_கணக்கர்
அது பொருந்துகிறது என்றால் மாற்றத்தில் ஒற்றை வரி விட்டுப்போகவில்லை, கூட்டல் பிழை இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் 13 சதவீதம் உண்மையா என்பதை அது சொல்லாது. உங்கள் மாதிரிக் கடையில் அரிசி, எண்ணெய், சர்க்கரையில் கொஞ்சம்தான் நிற்கும், நீங்களே பாக்கெட் போடும் பருப்பு, மிளகாய், சீரகத்தில் நன்றாக நிற்கும். எதில் எவ்வளவு போகிறது என்று பார்த்து, எவ்வளவு நிற்க வேண்டும் என்று மனதில் ஓர் எண் வைத்துக்கொள்ளுங்கள். மாதா மாதம் ஷீட் காட்டுவது அதைவிட மூன்று, நான்கு சதவீதம் குறைந்தால் ஏதோ வெளியே கசிகிறது. எழுதாமல் எடுத்த பணம், எழுதாத கடன், காலாவதியாகித் தூக்கிப் போட்டது, வீட்டுக்குக் கொண்டுபோன சாமான், இவற்றில் ஒன்றாக இருக்கும்.

ஸ்டேஷனரி_அக்கா
வீட்டுக்குக் கொண்டுபோகும் சாமானை மறந்தே போகிறோம். மளிகைக் கடைக்காரர் வீட்டில் மளிகைச் செலவே கிடையாது என்பார்கள், அது கடைக் கணக்கில்தான் விழுகிறது. அதை எப்படி எழுதுவது கணக்கரே?

மண்டித்தெரு_கணக்கர்
மாதத்துக்கு ஒரு தரம் போதும் அக்கா. வீட்டுக்குப் போனதைத் தனிச் சிட்டையில் எழுதி, வாங்கிய விலையில் கூட்டிக்கொள்ளுங்கள். 2,000 என்றால் "எங்கே" கட்டத்தில் பொருள் என்று ஐந்தாவதாக ஒன்று சேர்த்து இரண்டு வரி: வீடு வகையில் செலவு 2,000, சரக்கு வகையில் வரவு 2,000. கல்லாவைத் தொடாது. வாங்கிய சரக்கில் 2,000 குறைந்து, வீட்டுக் கணக்கில் ஏறும். அதனால் மாதக் கொள்முதலைக் கூட்டும்போது சரக்கு வகையில் F-லிருந்து E-ஐக் கழிக்க வேண்டும்.

தேனி_மலையடி
ஷீட் எல்லாம் சரி, மாதா மாதம் சரக்கு எண்ணுவது நடக்கிற காரியமா? எங்கள் கடையில் ரெண்டாயிரம் வகைச் சாமான். ஒரு நாள் கடையை மூடினால் அன்றைய வியாபாரம் போச்சு. வருஷத்துக்கு ஒரு தரம் மார்ச் கடைசியில் எண்ணுவதோடு சரி.

மண்டித்தெரு_கணக்கர்
உங்கள் அளவுக் கடையில் கஷ்டம்தான். சின்னக் கடையில் இரவு கடை மூடியபின் இருவர் உட்கார்ந்தால் முடியும், ஒருவர் எண்ணிச் சொல்ல ஒருவர் எழுத. மூட்டையைக் கண்பார்வையில் கால், அரை, முக்கால் என்று போட்டாலும் பரவாயில்லை, ஒவ்வொரு மாதமும் அதே ஆள் அதே மாதிரி போட வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

தேனி_மலையடி
கண்பார்வையில் போட்ட எண்ணை வைத்து 13 சதவீதமா 11 சதவீதமா என்று பேசினால் எனக்கு ஒப்பவில்லை. 1,84,000-ல் ஐயாயிரம் தப்பினால் லாபமே ரெண்டு சதவீதம் ஆடிவிடும்.

மண்டித்தெரு_கணக்கர்
ஆடும், மறுக்கவில்லை. ஒரு மாதம் ஏறி அடுத்த மாதம் இறங்கினால் எண்ணியதில் தவறு. தொடர்ந்து இறங்கிக்கொண்டே போனால்தான் கசிவு. அதனால் ஒரே மாதத்தை வைத்து முடிவெடுக்க வேண்டாம், மூன்று மாதத்தைச் சேர்த்துப் பாருங்கள்.

ஜெட்வேகம்
நான் முதலில் சொன்ன ஜிஎஸ்டி விஷயத்துக்கு வருகிறேன். போனில் வருவதெல்லாம் விற்பனைதான் என்று அதிகாரிகள் எடுத்துக்கொள்வார்கள் தெரியுமா? 2025-ல் கர்நாடகாவில் சின்னக் கடைகளுக்கெல்லாம் யூபிஐ வரவை வைத்து நோட்டீஸ் போனது.

மண்டித்தெரு_கணக்கர்
நல்ல நேரத்தில் எடுத்தீர்கள். அங்கே நோட்டீஸ் வந்தது, வரவு மொத்தத்தை விற்பனையாக எடுத்துக்கொண்டு, பதிவு வரம்பைத் தாண்டிவிட்டது என்ற அடிப்படையில். தமிழ்நாட்டில் பொருள் மட்டும் விற்பவருக்கு வருஷத்துக்கு 40 லட்சம் வரை பதிவு தேவையில்லை. அந்த 40 லட்சத்தில் வரி இல்லாத சரக்கின் விற்பனையும் சேரும், பால், சில்லறை அரிசி உட்பட. இந்தத் தம்பிக்கு மாதம் 2,46,000 என்றால் வருஷத்துக்கு 29.5 லட்சம். இப்போதைக்கு வரம்புக்குள்தான். தீபாவளி, பொங்கல் மாதங்களைச் சேர்த்துப் பார்த்துக்கொண்டே வரவும்.

உங்கள் தம்பி அனுப்பிய கைமாத்து 400-ஐ விற்பனையில் சேர்க்காமல் கழித்தது இதற்காகவும்தான், அதை வங்கியில் வீடு வகையில் வரவாக எழுதுங்கள். மச்சான் சீட்டுப் பணம் அனுப்பினாலும், நகையை வைத்து வாங்கிய பணத்தைக் கடை அக்கவுண்டில் போட்டாலும், அன்றைக்கே ஒரு வரி. ரெண்டு வருஷம் கழித்து யாராவது கேட்டால் நினைவிலிருந்து பதில் சொல்ல முடியாது. முடிந்தால் கடைக்கென்று தனி அக்கவுண்ட் வைத்து, சொந்தப் பணத்தை அதில் விடாமலே இருங்கள்.

கோவை_பேக்கரி
ஒரு சேர்க்கை. சில க்யூஆர்-ல் பணம் ஒவ்வொன்றாக வராமல் மொத்தமாக மறுநாள் அக்கவுண்டில் விழும். ஆப்பில் காட்டும் நாள் மொத்தத்தை எழுதுங்கள், வாரம் ஒரு தரம் பாஸ்புக்கோடு ஒத்துப் பாருங்கள். ஒரு நாள் வித்தியாசம் இருந்தால் பதற வேண்டாம்.

புதுக்கடை_திண்டுக்கல்
எனக்கு இன்னும் ஒன்று உறுத்துகிறது. விற்பனையையே கல்லாவிலிருந்து பின்னோக்கிக் கண்டுபிடிக்கிறோம். அப்படியென்றால் கல்லாவில் காசு குறைந்தாலும் தெரியாதே? குறைந்தது விற்பனை குறைந்த மாதிரிதானே தெரியும்?

மண்டித்தெரு_கணக்கர்
இந்த முறையின் பெரிய ஓட்டை அதுதான், சரியாகப் பிடித்தீர்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஒவ்வொரு ரொக்க விற்பனையையும் சிட்டையில் எழுதிப் பாருங்கள். பொருள் பெயர் வேண்டாம், தொகை மட்டும். இரவில் அந்தக் கூட்டலையும் பின்னோக்கிப் போட்ட எண்ணையும் வையுங்கள். எந்தக் கிழமை என்று மாற்றிக்கொண்டே இருங்கள்.

புதுக்கடை_திண்டுக்கல்
ஞாயிற்றுக்கிழமை செய்து பார்த்தோம் சார். சிட்டைக் கூட்டல் 6,420. கல்லாவிலிருந்து போட்டது 6,180. 240 குறைவு. மனைவியிடம் கேட்டேன், மதியம் கீரைக்காரம்மாவுக்கு 90, பையன் முடிவெட்ட 100 எடுத்ததாகச் சொன்னாள், ரெண்டும் சிட்டையில் இல்லை. மீதி 50 எங்கே என்று இருவருக்கும் தெரியவில்லை.

ஸ்டேஷனரி_அக்கா
50 என்றால் சில்லறை கொடுத்ததில் தவறியிருக்கும் தம்பி. எங்கள் கடையில் அப்படி வருவதை "கல்லா வித்தியாசம்" என்று ஒரு வரி எழுதி, செலவில் போட்டுவிடுவேன்.

மண்டித்தெரு_கணக்கர்
அக்கா சொல்வதுபோல எழுதுங்கள், விற்பனையைத் திருத்தி மறைக்க வேண்டாம். சிட்டை எழுதிய நாளில் விற்பனை 6,420 என்றே போட்டு, கீரைக்கு 90 சரக்கு, முடிவெட்ட 100 வீடு, 50 செலவில் கல்லா வித்தியாசம். அப்போது இருப்பும் கையில் இருப்பதும் ஒன்றாகிவிடும்.

வெள்ளைநோட்டு
நானும் இந்த மாதக் கடைசியில் எங்கள் சரக்கை எண்ணிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். உடைந்த தேங்காய், பூச்சி விழுந்த பருப்பு இதையெல்லாம் எந்த விலையில் போடுவது கணக்கரே?

மண்டித்தெரு_கணக்கர்
விற்கவே முடியாது என்றால் பூஜ்யம் ஐயா. பாதி விலைக்குப் போகும் என்றால், வாங்கிய விலை, அந்தப் பாதி விலை இரண்டில் எது குறைவோ அது.

தேனி_மலையடி
எல்லாக் கடைக்காரரும் பூச்சி விழுந்ததையும் நல்ல விலைக்கே போட்டு எழுதுவார்கள், பாருங்கள். அதனால்தான் நான் வருஷத்துக்கு ஒரு தரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.